பைகள் தாமதமாகும் என்று வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவது எப்படி

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு செய்தியை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் என்னிடம் கைபேசியை நீட்டினான். பேச்சு வழக்கில் அவன் எழுதியிருந்ததை இங்கே எழுத்து வழக்கில் தருகிறேன்.

> வணக்கம் சார்
>
> பை இன்னும் தயாராகவில்லை. மழையில் பசை காயவில்லை. ஒட்டுகிறவர்களில் இரண்டு பேர் வரவில்லை. நீங்களும் டிசைனை நான்கு நாள் தாமதமாகத்தானே ஒப்புக்கொண்டீர்கள். முயற்சி செய்கிறோம், சீக்கிரம் அனுப்பிவிடலாம். பாக்கி 27,000 போட்டுவிடுங்கள் சார்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதியவனுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் இது போய்ச் சேர்ந்திருந்தால் அடுத்த இரண்டு நிமிடங்களில் தொலைபேசி அடித்திருக்கும், அந்தப் பேச்சு இனிமையாக இருந்திருக்காது.

வாடிக்கையாளர் கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை காலை அவருடைய இரண்டாவது கடை திறப்பு. கடைப் பெயர் அச்சிட்ட 3,000 தாள் பைகளுக்கு எங்களிடம் சொல்லியிருந்தார். ஒன்று 18 ரூபாய், மொத்தம் 54,000. பாதி முன்பணமாக வந்துவிட்டது, மீதி 27,000 பைகள் கைக்குக் கிடைத்ததும் தருவதாகப் பேச்சு. வியாழன் மாலை மதுரையிலிருந்து வேனில் ஏற்றிவிட வேண்டும். செவ்வாய் மாலை நிலவரப்படி, மூவாயிரத்தில் ஒரு பகுதி அன்று ஏறாது.

இந்த ஒரு செய்தியை எப்படித் திருத்தினோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தையற்கடையோ மரவேலையோ கணக்கு எழுதுவதோ, உங்கள் தொழில் எதுவானாலும் தாமதத்தைச் சொல்ல வேண்டிய நாள் வரும். அன்றைக்கு இந்த வரிசை உதவும்.

முதலில் கைபேசியைக் கீழே வையுங்கள்

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி சொற்களைப் பற்றியது அல்ல. "இதைப் படித்தவுடன் அண்ணாச்சி உன்னை அழைத்து என்ன கேட்பார்?" என்றேன். அவன் யோசித்துச் சொன்னான்: "எத்தனை பை தயார், மீதி எப்போது, வெள்ளிக்கிழமை நான் என்ன செய்வது என்று கேட்பார்."

இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தச் செய்தியில் பதில் இல்லை. காரணம், அவனிடமே பதில் இல்லை. பதில் கையில் இல்லாதபோதுதான் 'முயற்சி செய்கிறோம்', 'சீக்கிரம்', 'கூடிய விரைவில்' என்ற சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மொழியைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. எழுந்து ஒட்டும் கூடத்துக்குப் போய் எண்ண வேண்டும்.

போய் எண்ணினோம். முழுதாகக் காய்ந்து, கயிறும் கோத்தவை 1,100. ஒட்டி அழுத்தி வைத்திருப்பவை 700, இவை மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆக, வியாழன் மாலைக்கு 1,800 பைகள் உறுதி. மீதி 1,200 இன்னும் தட்டையான தாளாகவே கிடக்கின்றன. ஒட்டுகிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் அக்கா, "வெள்ளி இரவு முடித்துவிடலாம்" என்றார். நான் சனி மதியம் என்று குறித்துக்கொண்டேன். ஒருமுறை நாள் தவறியவர் இரண்டாவது முறை சொல்லும் நாள் கட்டாயம் நிற்க வேண்டும். அதனால் வேலை செய்பவர் சொல்லும் நேரத்தோடு அரை நாளாவது சேர்த்துத்தான் வெளியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு நாங்களே ஒரு வழி தேடினோம். கடைப் பெயர் அச்சிடாத பழுப்புத் தாள் பைகள் எங்களிடம் இருப்பில் இருந்தன. கடையின் முத்திரையை ஸ்டிக்கராக அடித்து அவற்றில் 500 பைகளுக்கு ஒட்டித் தர முடியும். முதல் நாள் கூட்டத்துக்கு 1,800 போதாது என்று அவர் நினைத்தால் இவை கைகொடுக்கும். செலவு எங்களுடையது. ஆனால் ஸ்டிக்கர் அடித்து வெட்டி ஒட்ட ஒரு நாள் வேண்டும், எனவே புதன் காலை 11 மணிக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கு இருபது நிமிடங்கள் ஆனது. செய்தியை எழுதி முடிக்க ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

எதை எடுத்துவிட வேண்டும்

பழைய செய்தியை வரி வரியாகப் பார்த்து, 'இது அண்ணாச்சிக்கு வேண்டிய செய்தியா, நம் மன ஆறுதலுக்கா?' என்று கேட்டுக்கொண்டே போனோம்.

இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை என்பது எங்கள் வீட்டுக் கதை. அதைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு 'ஆள் பலம் இல்லாத இடத்தில் கொடுத்துவிட்டோமோ' என்ற கவலைதான் மிஞ்சும். எடுத்துவிட்டோம்.

மழையில் பசை காயவில்லை என்பது வேறு வகை. அது அவருடைய பையைப் பற்றிய உண்மை. ஆனால் 'பசை காயவில்லை' என்று நிறுத்தினால் சாக்குப் போலக் கேட்கும். காயாத பையை அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தால் அதுவே பொறுப்பான பேச்சாகிவிடும். அடிப்பாகத்தில் ஈரம் இருக்கும்போது இரண்டு சேலைகளை வைத்தால் அடி பிரிந்துவிடும், அதுவும் திறப்பு விழா அன்று, அவருடைய வாடிக்கையாளர் கையில். இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் தாமதம் யாருக்காக என்பது அவருக்கே விளங்கும். காரணம் ஒரு வாக்கியத்தைத் தாண்டினால் அது வாதமாக மாறத் தொடங்கும்.

டிசைனை அவர் நான்கு நாள் தாமதமாக ஒப்புக்கொண்டார் என்பதும் உண்மைதான். அந்த நான்கு நாட்கள் இருந்திருந்தால் மழைக்கு முன்பே ஒட்டி முடித்திருப்போம். தம்பிக்கு அதை விட மனமில்லை. நானும் அவனுடைய நிலையில் இருந்தவன்தான், அந்த உறுத்தல் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் அவர் டிசைனைத் தாமதமாக ஒப்புக்கொண்ட அன்றே வந்துபோய்விட்டது. "இன்று ஒப்புக்கொண்டதால் பைகள் 23க்குப் பதில் 25ஆம் தேதி கிடைக்கும், சரிதானே அண்ணாச்சி?" என்று அன்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அன்று வாய் திறக்காமல் இன்று எடுத்தால், தவறு நடந்த பிறகு பழியைத் திருப்புவதாகத்தான் படும். எடுத்துவிட்டோம். ஆனால் அடுத்த ஆர்டரிலிருந்து, டிசைன் ஒப்புதல் எந்த நாளுக்குள் வர வேண்டும் என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுகிறோம்.

பாக்கிப் பணம் இந்தச் செய்தியில் இருக்கவே கூடாது. பை கிடைத்ததும் தருவதாகப் பேச்சு, பை இன்னும் கிடைக்கவில்லை. தாமதத்தையும் பாக்கியையும் ஒரே மூச்சில் சொன்னால், படிக்கிறவர் மனத்தில் பணம் மட்டும்தான் நிற்கும்.

விறைப்பான செய்தியும் தவறுதான்

இவ்வளவும் சொன்ன பிறகு தம்பி இரண்டாவது முறை எழுதிக் காட்டினான்.

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆர்டர் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தவிர்க்க இயலாத காரணங்களால் பைகள் வழங்குவதில் சிறிது தாமதம் ஏற்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் மேலான ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.

புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தொழில்முறை என்றால் அரசு அலுவலகச் சுற்றறிக்கைபோல இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தச் செய்தியில் மரியாதைச் சொற்கள் நிறைய இருக்கின்றன, செய்தி குறைவாக இருக்கிறது. 'தாமதம் ஏற்பட்டுள்ளது' என்கிறது, யாரால் என்று சொல்லவில்லை. 'சிறிது' என்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. இன்னொரு கெடுதலும் உண்டு. மூன்று ஆண்டுகளாக "வாங்க அண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?" என்று பேசிப் பழகிய ஒருவருக்குத் திடீரென்று 'தாங்கள்' என்று எழுதினால், ஏதோ கோபம் என்றோ வக்கீலைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றோ அவருக்குத் தோன்றும்.

நேரில் எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே எழுத்திலும் அழையுங்கள். எங்கள் அச்சகத்தில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம், அவரும் அதையே விரும்புகிறார். எனவே 'சார்' கூட அங்கே ஓர் அடி விலகிப்போனதாகவே இருக்கும். அதே நாளில் ஒரு பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதினால் 'மேடம்' என்றுதான் எழுதுவோம். புதிய வாடிக்கையாளர் என்றால் 'சார்', 'மேடம்' என்று தொடங்கி, அவர் நம்மை எப்படி அழைக்கிறார் என்று பார்த்துக்கொண்டு போகலாம். வாட்ஸ்அப்புக்கு எப்போதும் 'நீங்கள்' போதும்.

சின்ன ஒட்டுகள் செய்யும் பெரிய வேலை

நம் மொழியில் கனிவும் கடுமையும் பெரிய சொற்களில் இருப்பதில்லை. ஒட்டிக்கொண்டு வரும் சிறு துணுக்குகளில்தான் இருக்கின்றன. 'தாமதமாக ஒப்புக்கொண்டீர்கள்' என்பது தகவல். 'தாமதமாகத்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்பது சண்டை. 'அன்றைக்குச் சொன்னேன்' என்பதில் குற்றமில்லை, 'அன்றைக்கே சொன்னேனே' என்றால் விரல் நீட்டியாகிவிட்டது. எழுதி முடித்ததும் செய்தியில் 'தான்', 'தானே', ஏகாரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். 'நீங்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 'நாளையே அனுப்புகிறோம்' என்பதுபோல நம் செயலோடு சேர்ந்து வரும் ஏகாரத்தால் கெடுதல் இல்லை, நன்மைதான்.

அடுத்தது, 'நாங்கள்' எங்கே, 'நாம்' எங்கே என்பது. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது 'நாம்'. பொறுப்பை ஏற்கும் இடத்தில் 'நாங்கள்' என்றுதான் எழுத வேண்டும். 'நாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் பாதிச் சுமையை அவர் தலையிலும் வைத்ததாகப் பொருள் வரும். தம்பி எழுதிய 'அனுப்பிவிடலாம்' என்பதிலும் இந்தச் சிக்கல் இருந்தது. யார் அனுப்புவது? நாங்கள்தானே. அப்படியானால் 'அனுப்பிவிடுகிறோம்' என்று எழுத வேண்டும். 'லாம்' என்று முடிகிற வினை வாக்குறுதி ஆகாது, அது வெறும் யோசனை. 'பார்க்கிறோம்' என்பதும் அப்படித்தான். நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் பாதி நேரம் 'நடக்காது' என்றே பொருள், அது எல்லாருக்கும் தெரியும்.

கேட்கும் முறையில் மூன்று படிகள் உண்டு. 'பதில் அனுப்புங்கள்' என்பது கட்டளைக்கு நெருக்கமானது. 'பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பது நோட்டீஸ். 'புதன் காலை 11 மணிக்குள் சொல்ல முடியுமா அண்ணாச்சி?' என்பது இரண்டுக்கும் நடுவே இயல்பாக உட்காருகிறது. கெடு இருக்கிறது, கேள்வியாகவும் இருக்கிறது. கெடுவுக்கு ஒரு சிறு காரணம் சேர்த்தால் அவசரப்படுத்துவதாகப் படாது.

மன்னிப்பு ஒரு முறை போதும். அதை எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 'சொன்ன நாளில் முழுவதும் தர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்' என்பதில் தவறு எது என்பது இருக்கிறது. 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்பதில் அது இல்லை.

முதல் வரி

செய்தி வந்ததும் கைபேசியின் பூட்டுத் திரையில் முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். கடை திறப்பு வேலையில் அலைந்துகொண்டிருப்பவர் அதைப் பார்த்துத்தான் உடனே திறப்பதா, பிறகு பார்ப்பதா என்று முடிவு செய்வார். எனவே 'வணக்கம் சார்' என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பது இரண்டு பேருடைய நேரத்தையும் வீணாக்கும். வணக்கத்தோடு அதே வரியில் எந்த வேலை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கெட்ட செய்தியை நான்காவது வரியில் ஒளித்து வைக்க வேண்டாம். அதே நேரம், அதை மட்டும் முதலில் போட்டு அவரைப் பதற வைக்கவும் வேண்டாம். நல்லதும் கெட்டதும் சேர்ந்த ஒரே வாக்கியமாக, எண்ணோடு சொல்லிவிடுவது நல்லது: வியாழன் 1,800 வரும், மீதி சனி வரும். அதன் பிறகு காரணம், பிறகு மாற்று வழி, பிறகு கேள்வி. கேள்வி கடைசியில் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் கட்டைவிரல் எதைத் தொட வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

நாளைக் குறிப்பிடும்போது 'நாளை', 'நாளை மறுநாள்' என்று எழுதாதீர்கள். செவ்வாய் இரவு எழுதியதை அவர் புதன் காலை படித்தால் 'நாளை' வேறு நாளாகிவிடும். கிழமையும் தேதியும் சேர்த்து எழுதினால் ஒன்று தவறினாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

திருத்திய செய்தி

> வணக்கம் அண்ணாச்சி. கடைப் பைகள் பற்றி: *வியாழன் (23) மாலை 1,800 பைகள்* வேனில் வந்துவிடும். மீதி 1,200 பைகளை *சனி (25) மதியம் 12 மணிக்குள்* கொண்டுவந்து சேர்க்கிறோம்.
>
> மழை ஈரத்தில் பசை காய ஒரு நாள் கூடுதலாக ஆகிறது. காயாமல் கொடுத்தால் துணி வைத்ததும் அடி பிரிந்துவிடும், அதனால் அவசரப்படுத்தவில்லை. சொன்ன நாளில் முழுவதும் தர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.
>
> திறப்பு அன்று 1,800 போதாது என்று நினைத்தால், பழுப்புத் தாள் பைகள் 500-இல் உங்கள் கடை முத்திரை ஸ்டிக்கர் ஒட்டி வியாழன் வேனிலேயே அனுப்புகிறோம். செலவு எங்களுடையது.
>
> அந்த 500 பைகள் வேண்டுமா அண்ணாச்சி? ஸ்டிக்கர் அடிக்க ஒரு நாள் ஆகும், புதன் காலை 11 மணிக்குள் சொன்னால் போதும்.

பழையதைவிட இது ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். அது பரவாயில்லை. செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையை நான் பாதிதான் ஏற்கிறேன். மூன்று தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும் நீளம் நல்ல நீளம்தான். ஆனால் பத்திகளுக்கு நடுவே ஒரு வரி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சிறு திரையில் சுவர்போல நிற்கும். நாளும் எண்ணிக்கையும் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்தாக்கிவிடும். நான்கைந்து இடங்களில் அப்படிச் செய்தால் ஒன்றும் கண்ணில் நிற்காது.

இதில் நட்பு எங்கே என்று தம்பி கேட்டான். 'அண்ணாச்சி' இரண்டு இடத்தில் இருக்கிறது, அதுவும் தொடக்கத்திலும் கேள்வியிலும். திறப்பு நாளைப் பற்றி அவருக்கு முன்பே நாங்கள் கவலைப்பட்டிருக்கிறோம். செலவை ஏற்றிருக்கிறோம். சிரித்த முகமோ கும்பிடும் கைகளோ போடவில்லை. நாள் தவறியதைச் சொல்லும் செய்தியில் சிரித்த முகம் இருந்தால், நாம் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டதாகத் தோன்றும். நல்ல செய்தி சொல்லும் நாளில் ஒன்று போடலாம்.

அனுப்பும்போது

வாடிக்கையாளரின் உரையாடலுக்குள் உட்கார்ந்து நீண்ட செய்தியைத் தட்டச்சு செய்யாதீர்கள். கை தவறிப் பாதியில் போய்விடும். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அங்கே எழுதி அனுப்பிப் பாருங்கள், அவர் திரையில் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படியே உங்களுக்கும் தெரியும். பிறகு வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நேரில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் வாக்கியம் எது என்று நாக்கே காட்டிக்கொடுக்கும். எண்களையும் தேதிகளையும் ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு நகலெடுத்து அனுப்புங்கள்.

ஒரே செய்தியாக அனுப்ப வேண்டும். ஏழு துண்டுகளாக அனுப்பினால் ஏழு முறை ஒலிக்கும். இரண்டாவது துண்டைப் படித்துவிட்டே அவர் பதில் எழுதத் தொடங்குவார். தவறு தெரிந்தால் அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் செய்தியை அழுத்திப் பிடித்து `Edit` கொடுத்துத் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்கான அடையாளம் அவருக்குத் தெரியும். எழுத்துப் பிழைக்கு அது போதும். தேதியையோ தொகையையோ மாற்றினால், திருத்தியதோடு நிற்காமல் 'தேதியைத் தவறாக எழுதியிருந்தேன், சனி 25 என்பதே சரி' என்று தனியாக ஒரு வரி அனுப்பிவிடுங்கள். முதலில் படித்ததையே அவர் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

தாமதம் தெரிந்த அன்றே சொல்ல வேண்டும், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். நாங்கள் மாலை ஆறரைக்கு அனுப்பினோம். நீல நிறக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று தம்பி துடித்தான். அவர் மேஸ்திரியோடு நின்றிருக்கலாம், கல்லாவில் இருந்திருக்கலாம். 11 மணி வரை நேரம் கொடுத்தது நாம்தான், அதற்கு முன்பு 'பார்த்தீர்களா?' என்று கேட்பது முறையல்ல. கெடு தாண்டினால் எழுத வேண்டாம், அழைத்துப் பேச வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1,800 கூட இல்லை, வியாழன் ஒன்றுமே வராது என்ற நிலையாக இருந்திருந்தால் நான் செய்தி எழுத விட்டிருக்க மாட்டேன். முதலில் அழைத்து, அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, பேசி முடித்ததைப் பிறகு எழுத்தில் அனுப்பியிருப்போம். வாடிக்கையாளரின் முக்கியமான நாளே கெடும் என்றால், அவர் நம் குரலைக் கேட்க வேண்டும்.

பதில் வந்த பிறகு

புதன் காலை எட்டேகாலுக்குப் பதில் வந்தது: "சரி தம்பி. 500 வேண்டாம். 1800 வியாழன் ஏழு மணிக்குள் கட்டாயம் வர வேண்டும்." தம்பி 'ஓகே' என்று எழுதப் போனான், தடுத்துவிட்டேன். எதற்கு ஓகே என்பது அதில் இல்லை. அவர் புதிதாக ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கிறார், அதை நாம் ஏற்றுக்கொண்டது எழுத்தில் இருக்க வேண்டும். அவருடைய செய்தியையே சுட்டிப் பதிலளித்தோம்:

> சரி அண்ணாச்சி. 500 வேண்டாம் என்று குறித்துக்கொண்டோம். 1,800 பைகள் வியாழன் மாலை 7 மணிக்குள் கடையில் இறங்கிவிடும். வேன் கிளம்பியதும் ஓட்டுநர் எண்ணை அனுப்புகிறேன்.

இங்கே 'கட்டாயம்', 'கண்டிப்பாக' என்ற சொற்கள் தேவைப்படவில்லை. ஓட்டுநர் எண் வியாழன் மூன்றரைக்கே போனது, வேன் ஆறே முக்காலுக்குச் சேர்ந்தது. வெள்ளி காலை கடை திறப்புக்கு வாழ்த்து ஒன்று அனுப்பினோம், அதில் பை பற்றியோ பாக்கி பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. சனி பதினொன்றரைக்கு மீதிப் பைகளும் இறங்கி, எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்தும் வாங்கிய பிறகு, மாலையில் பாக்கிக்கான செய்தியைத் தம்பியே எழுதினான். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

> அண்ணாச்சி, 3,000 பைகளும் வந்து சேர்ந்துவிட்டன, பொறுமையாக இருந்ததற்கு நன்றி. மொத்தம் 54,000, முன்பணம் 27,000, மீதி *27,000 ரூபாய்*. பில் இணைத்திருக்கிறேன். திங்கள் (27) மாலைக்குள் அனுப்ப வசதிப்படுமா? பைகளில் ஏதாவது குறை தெரிந்தால் படம் எடுத்து இந்த எண்ணுக்கே அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.